விரித்த கூந்தலைக் குதிரைவாலாக மாற்றித் தருவோரிடம் படம் கொடுக்கும் முன்

மறைந்த என் அக்காவின் படம் ஒன்றைத் திருத்தக் கொடுத்து நான் ஏமாந்தேன். அவள் முகம் தெளிவாக விழுந்திருக்கும் படம் அது ஒன்றுதான். அதில் கூந்தல் அவிழ்ந்து ஒரு பக்கக் காதையும் கழுத்தையும் தோளையும் மூடியிருந்தது. எந்நாளும் உச்சியில் தூக்கிக் கட்டிய குதிரைவாலோடு இருந்தவளை அப்படியே பார்க்க விரும்பி, புகைப்படம் திருத்தும் ஒருவரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்தேன். அவர் அந்த ஒரு படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல், இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். கூந்தல் மறைத்திருக்கும் காதும் கழுத்தும் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அதே ஆளின் வேறு படங்களிலிருந்துதான் அவற்றைக் கொண்டுவர முடியும்.

வந்த படம் கைபேசித் திரையில் சிறியதாகத் தெரிந்தபோது நன்றாகவே இருந்தது. கணினியில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான் மனம் நொறுங்கியது. அக்காவின் காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். படத்தில் இருந்ததோ தனியே தொங்கும் சோணை. யாரோ ஒருவருடைய காதை ஒட்டியிருந்தார். கழுத்தை நிரப்பத் தாடைக்கு அருகிலிருந்த தோலையே நகலெடுத்துப் பூசியிருந்ததால், தாடையோரத்தில் அவளுக்கு இருந்த ஒரே மச்சம் கழுத்தில் இன்னும் இரண்டு இடங்களில் முளைத்திருந்தது. தாடைக்குக் கீழே விழ வேண்டிய நிழலைக் காணோம். ஆனால் பழைய கூந்தல் கன்னத்தின்மேல் போட்டிருந்த நிழல், போட்ட கூந்தல் போன பிறகும் அப்படியே கிடந்தது.

நெற்றியோரம் அதைவிட மோசம். முடி தொடங்கும் இடம் ஒரு கோடு அல்ல. ஓரத்தில் மெல்லிய பூனைமுடிகளும் அவற்றினிடையே தோலும் தெரிந்து, உள்ளே போகப் போகத்தான் அடர்த்தி கூடும். அவர் கரிய தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்திருந்ததால், தலையில் டோப்பா வைத்ததுபோல் இருந்தது. இழைகளின் போக்கும் பிசகியிருந்தது. தூக்கிக் கட்டினால் நெற்றி நடுவிலிருந்து முடி நேரே பின்னோக்கிப் போகும், கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டிலிருந்து சாய்வாக மேலேறும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழும். எல்லாம் ரப்பர் பேண்டு இருக்கும் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். அக்காவின் படத்தில் பொட்டோர முடி பழையபடி கீழ்நோக்கியே வழிந்துகொண்டிருக்க, உச்சியில் ஒரு வால் மட்டும் தனியே நின்றது.

ரப்பர் பேண்டு ஒரு தட்டையான நிறப் பட்டையாக இருந்தது. உண்மையில் அது முடியை இறுக்குவதால், கட்டுக்கு முன்னும் பின்னும் முடி சற்றுப் புடைக்கும், கட்டின் ஓரத்தில் மெல்லிய நிழல் படியும். இவை இல்லாததால் இழைகள் பேண்டுக்குள் போகாமல் அதன் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டிய முடி மண்டையோடு ஒட்டி நிற்பதால் தலையின் வெளிக்கோடு சுருங்க வேண்டும், அப்போது வெளிப்படும் பின்னணியையும் புதிதாக வரைய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால் அவள் தலை இயல்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

குறைகளைச் சுட்டிக்காட்டியபோது, திருத்த வேண்டுமானால் மறுபடியும் முழுத் தொகை கேட்டார். படத்தின் ஒவ்வொரு பகுதியும் லேயர் எனும் தனி அடுக்காகப் பிரிந்திருக்கும் கோப்பைக் கேட்டதற்கு, எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்துவிட்டதாகச் சொன்னார். அதனால் வேறொருவர் அதன்மேல் வேலை செய்யவும் வழியில்லை. ஆகவே, பணத்தில் பெரும்பகுதியை வரைவைப் பார்த்த பிறகே கொடுங்கள். தோல், பின்னணி, தலைமுடி, கட்டு, வால் எல்லாம் தனித்தனி லேயராக வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வரைவை முழு அளவில் வாங்கி, இடவலமாகப் புரட்டியும் பாருங்கள். கண்ணுக்குப் பழகிப்போன பிசகு அப்போது துருத்திக்கொண்டு நிற்கும்.

பிறகு மூலப்படத்தை எடுத்துக்கொண்டு நான் அணுகியவர், தொகையைச் சொல்வதற்கு முன்பே, அக்கா முடியைத் தூக்கிக் கட்டியிருக்கும் படங்களைக் கேட்டார். முகம் மங்கலான பழைய படங்கள்தான் அகப்பட்டன. அவற்றில் ஒளி இதே பக்கத்திலிருந்து விழும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அவை சிறிய படங்கள் ஆதலால் காதின் வடிவத்தை மட்டுமே எடுக்க முடியும் என்றும், தோலின் நுணுக்கத்தைத் தாம் வரைந்துதான் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் முன்னதாகவே சொல்லிவிட்டார். நேற்று வந்த முதல் வரைவில் முடி இன்னும் வரையப்படவில்லை. கழுத்தும் காதும் மட்டுமே இருந்தன. சோணை கன்னத்தோடு ஒட்டியிருந்தது.