சென்னை – கோவை: வந்தே பாரத், இரவு ரயில், விமானம் – எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்?

இரண்டு வருடமாக மாதம் ஒரு முறையாவது சென்னையிலிருந்து கோவை போய் வருகிறேன். அப்பா, அம்மா இருவரும் சிங்காநல்லூரில் இருக்கிறார்கள், என் வீடு அயனாவரத்தில். முதல் சில மாதங்கள் எது சீக்கிரம் போகும் என்று மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது உடம்பு எப்படி இருந்தது என்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது.

ரயிலில் சென்னை சென்ட்ரலிலிருந்து கோவை ஏறக்குறைய 495 கிலோமீட்டர். பகலில் மலிவாகப் போக கோவை எக்ஸ்பிரஸ். உட்காரும் வகுப்பில் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும், பயணம் ஏழரை மணி நேரத்துக்கு மேல். 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் 5 மணி 50 நிமிடத்தில் போகிறது. சேர் காரில் சாப்பாட்டோடு 1,300 ரூபாயை ஒட்டி வரும். இரவில் சேரன், நீலகிரி போன்ற வண்டிகள் எட்டு மணி நேரம் எடுக்கின்றன. ஸ்லீப்பரில் சுமார் 330, தேர்ட் ஏசியில் 850 ரூபாய் அளவில். விமானம் பறப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான். டிக்கெட் விலைதான் நிலையாக இருக்காது. நான் 2,800-க்கும் போயிருக்கிறேன், பொங்கலுக்கு முந்தைய நாள் அதைப் போல மூன்று மடங்கும் பார்த்திருக்கிறேன். நிதானமான ஒரு வெள்ளிக்கிழமைக்கு 4,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்க்கலாம். இரவு எட்டு மணி விமானத்துக்கு நான் மாலை ஐந்துக்கே கிளம்ப வேண்டும். அயனாவரத்திலிருந்து ஆட்டோ, அப்புறம் மெட்ரோ, பாதுகாப்புச் சோதனை. கவுன்டரில் போட பெட்டி இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும். ஒன்பதே காலுக்கு இறங்கி, பெட்டி வந்து, சிங்காநல்லூர் விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் ஒன்பதே முக்காலுக்கு வீடு. மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். வந்தே பாரத்துக்கு மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் 2.25-க்கு வண்டி, 8.15-க்கு கோவை, ஒன்பது மணிக்கு வீடு. மொத்தம் ஏழரை மணி நேரம். அதாவது விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 2,700 ரூபாய் எனக்கு வாங்கித் தருவது இரண்டே முக்கால் மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்.

அந்த மிச்சமும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. விமானப் பயணத்தின் நாலே முக்கால் மணி நேரம் துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. ஆட்டோவில் இருபது நிமிடம், வரிசையில் அரை மணி, கேட்டில் முக்கால் மணி என்று எதிலும் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க முடியாது. வந்தே பாரத்தில் ஆறு மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. காட்பாடி தாண்டுவதற்குள் ஓர் அறிக்கையை எழுதி முடித்த நாட்கள் உண்டு. எனக்கு இந்த வித்தியாசம் பெரியது. வேலை நேரம் போக உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓடுகிறவருக்கு இது ஒன்றுமில்லாமல் இருக்கலாம்.

வந்தே பாரத்துக்கும் கண்ணில் படாத ஒரு செலவு உண்டு. 2.25 வண்டியைப் பிடிக்க வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட வேண்டும். என்னைப் போல வண்டியில் உட்கார்ந்து வேலை செய்ய அலுவலகம் சம்மதித்தால் சரி. இல்லையென்றால் அந்த அரை நாள் சம்பளத்தையும் டிக்கெட் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். புதன்கிழமை அந்த வண்டி ஓடுவதும் இல்லை.

இரவு ரயில்தான் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஒன்பது மணிக்குக் கிளம்பி, பத்து மணி வண்டி ஏறி, காலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தால் கடிகாரப்படி ஒன்பதே முக்கால் மணி நேரம், எல்லாவற்றிலும் அதிகம். ஆனால் அதில் ஆறரை மணி நேரம் எப்படியும் தூங்கப்போகிற நேரம். விழித்திருந்து செலவாவது மூன்றே கால் மணி நேரம்தான், விமானத்தைவிடக் குறைவு. விடுப்பும் வேண்டாம், சனிக்கிழமை முழுசாகக் கையில் இருக்கும்.

இதெல்லாம் தூக்கம் வந்தால்தான். ஸ்லீப்பரில் சேலத்திலும் ஈரோட்டிலும் ஏறி இறங்குகிறவர்களின் சத்தம், மே மாதப் புழுக்கம், கதவோரத்து பெர்த் என்றால் ராத்திரி முழுக்கக் கழிவறைக்குப் போகிற நடமாட்டம். அப்படி வந்த சனிக்கிழமைகளில் பதினோரு மணி வரை வீட்டில் படுத்தே கிடந்திருக்கிறேன். ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் உள்ள 500 ரூபாய் வித்தியாசம் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைப்பதில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. இந்த வழித்தடத்தில் நான் கொடுக்கிற கூடுதல் காசிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதனால் முடிவை மாற்றுவது பெர்த்தின் நிலைமை. 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். அப்போது எடுத்தால் தேர்ட் ஏசி கிடைத்துவிடும். தாமதித்து, ஆர்ஏசி என்று வந்தால் சைடு லோயரை இன்னொருவரோடு பகிர்ந்து உட்கார்ந்துகொண்டே போக நேரலாம். அந்த நிலையில் இரவு ரயிலுக்கு அர்த்தமே இல்லை, வந்தே பாரத்துக்கு மாறிவிடுவேன். வெயிட்டிங் லிஸ்டில் ஆன்லைன் டிக்கெட் இருந்து சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் வந்துவிடும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் எதுவும் வராது. ஆகவே, போவது நிச்சயம் என்றால் மட்டும் தட்கல்.

கோவை எக்ஸ்பிரஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வந்தே பாரத்தைவிட இரண்டு மணி நேரம் கூட, ஆயிரம் ரூபாய் குறைவு. நாலு பேர் குடும்பமாகப் போனால் நாலாயிரத்துக்கு மேல் மிச்சம். அப்போது அந்த இரண்டு மணி நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்பா விஷயத்தில் இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது என்று போன வருடம் தெரிந்துகொண்டேன். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. கோவையிலிருந்து காலை ஆறு மணி வந்தே பாரத்தில் அழைத்துவந்தேன். அவர் நாலு மணிக்கே எழுகிறவர் என்பதால் நேரம் தோதாக இருந்தது. ஆறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததில் சென்ட்ரலில் இறங்கும்போது பாதம் வீங்கியிருந்தது. பிளாட்பாரத்தை நடந்து கடக்க அரை மணி ஆனது. அடுத்த முறை இரவு ரயிலில் லோயர் பெர்த். நீட்டிப் படுத்தார், வீக்கம் இல்லை. ராத்திரியில் மூன்று முறை ஓடுகிற வண்டியில் கழிவறைக்கு நடந்ததுதான் பயமாக இருந்தது. மூன்றாவது முறை விமானம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தேன், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வாசலிலிருந்து இருக்கை வரை, மறுபடி இங்கே டாக்சி வரை ஊழியர் தள்ளிவந்தார். அவர் மொத்தமாக நடந்தது ஐம்பது அடிகூட இருக்காது.

எனக்கு 2,700 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த அதே விமானத்துக்கு அவர் பெயரில் யோசிக்காமல் கொடுக்கிறேன். அவரைக் கொண்டுபோய் விடும்போது விமானத்தில் போய், திரும்பி வரும்போது நான் மட்டும் சேரனில் தேர்ட் ஏசியில் வருகிறேன்.