நாலாக மடித்த பச்சைத் துணி: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். நான் வெளியே போயிருந்த நேரத்தில் அம்மா என் பச்சைத் துணியைக் கம்பியிலிருந்து இறக்கி, நாலாக மடித்து, அதையும் மூன்றாக மடித்து, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அக்கறையோடுதான் செய்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் விரித்துப் பார்த்தால் துணி முழுக்கக் கட்டம் கட்டமாக மடிப்புக் கோடு. அன்று இரவே நண்பன் போன் செய்து, "க்ரீன் ஸ்க்ரீன் துணி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், நீ ரெண்டு வருஷமா வச்சிருக்கியே, எப்படி இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையும், கோபத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பின்னால் இதைக் கட்டி வீடியோ பிடித்து, பிறகு மென்பொருளில் பச்சையை நீக்கி அங்கே வேறு காட்சியை வைப்பதற்குத்தான் இந்தத் துணி. நேராக மடிப்புக் கோட்டுக்கு வருகிறேன். இரண்டு வருடமாக என்னைப் படுத்துவதும் அதுதான், வெளிச்சத்தைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

ஆரம்பத்தில் மடிப்பைத் துணியின் குறையாகவே நினைத்தேன். இஸ்திரி போட்டேன், தண்ணீர் தெளித்தேன், கிளிப் மாட்டி இழுத்துக் கட்டினேன். ஓரளவு சரியாகும். ஆனால் ஒரே துணி, ஒரே மடிப்பு, ஒரு நாள் படத்தில் பளிச்சென்று தெரியும், இன்னொரு நாள் தேடினாலும் கிடைக்காது. காரணம் புரிய ஆறு மாதம் ஆனது. மேலிருந்து கீழாக ஓடும் ஒரு மடிப்பைச் சின்ன மேடாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு சரிவு: ஒன்று இடது பக்கம் பார்க்கிறது, மற்றது வலது பக்கம். இடது விளக்கு மட்டும் பலமாக இருந்தால் இடது சரிவு வெளுக்கும், வலது சரிவு கறுக்கும். அதுதான் கோடாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் இரண்டு சரிவும் ஒரே பச்சையாகிவிடும். மடிப்பு துணியில் அப்படியே இருக்கும், படத்தில் இருக்காது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு செங்குத்தான மடிப்புக் கோடு எனக்கு ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. கோடு தெரிந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தேடுவதில்லை. எந்த விளக்கு குறைகிறது என்றுதான் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பவை துணிக்கென்று இரண்டு எல்இடி டியூப் லைட்டுகள், முகத்துக்கு ஒரு சாஃப்ட்பாக்ஸ். துணிக்கான விளக்குகளை அதன் இரண்டு ஓரங்களுக்கும் சற்று வெளியே, ஒரு மீட்டர் முன்னால் தள்ளி நிற்க வைக்கிறேன். முதலில் இரண்டையும் துணியின் நடுவைப் பார்த்துத் திருப்பினேன். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரம் வெளுத்தது, நடுப்பகுதி மங்கியது. இப்போது இடது விளக்கைத் துணியின் வலது ஓரத்தைப் பார்த்தும், வலது விளக்கை இடது ஓரத்தைப் பார்த்தும் திருப்பி வைக்கிறேன். வெளிச்சத்தின் நடுப்பலம் தூரத்து ஓரத்துக்குப் போகிறது, பக்கத்து ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் படுகிறது. ஆளைத் துணிக்கு ஒட்டி உட்கார வைத்தால் இந்த ஏற்பாடு பலிக்காது, அவர் மேலேயே வெளிச்சம் அடிக்கும். நான் துணியிலிருந்து ஆறு அடி முன்னால் உட்காருகிறேன்.

சமமாக இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கண் தானாகச் சரிசெய்துகொள்ளும், கேமரா அப்படிச் செய்யாது. எடிட்டிங் மென்பொருளில் வேவ்ஃபார்ம் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. படத்தின் இடது ஓரம் வரைபடத்தின் இடது ஓரம், உயரம்தான் வெளிச்சத்தின் அளவு, 0-விலிருந்து 100 வரை. ஆள் இல்லாமல் வெறும் துணியைப் பத்து விநாடி பிடித்து அதில் போட்டுப் பார்த்தால், துணி ஒரு பட்டையாகத் தெரியும். என் முதல் வருட வீடியோ ஒன்றை இப்போது எடுத்துப் பார்த்தேன்: இடது ஓரத்தில் 58, வலது ஓரத்தில் 36, நடுவில் சறுக்குமரம். ஒழுங்காக வைத்த நாட்களில் பட்டை 47-க்கும் 52-க்கும் நடுவில் படுத்துக் கிடக்கிறது. வேவ்ஃபார்ம் இல்லாதவர்கள் கேமராவின் ஸீப்ரா கோடுகளைப் பயன்படுத்தலாம், நாம் வைத்த அளவு வெளிச்சம் இருக்கும் இடத்தில் கேமராத் திரையில் வரும் சாய்வான கோடுகள் அவை. அதன் அளவை 50-க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்போஷரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். துணி முழுக்க ஒரே நேரத்தில் கோடுகள் முளைத்தால் நல்லது. ஒரு மூலையில் முதலில் முளைத்தால் அங்கே வெளிச்சம் அதிகம்.

இந்தச் சமம் எதற்கு என்பது கீ செய்யும்போது, அதாவது மென்பொருளில் பச்சையை நீக்கும்போதுதான் உறைக்கும். நான் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இருக்கும் கீலைட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். பச்சையைத் தொட்டுக் காட்டியதும் படத்தை நம்பாமல் View என்பதில் Screen Matte-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் வெள்ளையாகவும் துணி கறுப்பாகவும் தெரியும். துணி இருக்கும் இடத்தில் சாம்பல் திட்டு இருந்தால், பின்னால் வைக்கப்போகும் காட்சியின் மேல் அது அழுக்கு போலப் படியும். அதைப் போக்க Clip Black-ஐ ஏற்றுவோம். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள சாம்பல் எல்லாம் கறுப்பாகிவிடும். ஆனால் தலைமுடியின் நுனியும் சாம்பல்தான், அரை முடி அரை துணி. துணியின் சாம்பலோடு அதுவும் போய்விடும். அந்த 58-36 வீடியோவில் வலது மூலையைச் சுத்தம் செய்ய Clip Black-ஐ 40 வரை ஏற்ற வேண்டியிருந்தது. என் தலை கத்தரித்து ஒட்டிய அட்டைப் படம் போல ஆனது. பட்டை சமமாக இருந்த வீடியோவில் 8 போதும், காதோரம் பறக்கும் முடிகூட அப்படியே வருகிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகும் என்று நினைத்து மூன்று மாதம் வீணாக்கியதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சரி, மறுபடியும் போன வாரத்துக்கு. கட்டம் போட்ட துணியை மாட்டி விளக்குகளைப் போட்டேன். வேவ்ஃபார்மில் இடது 44, வலது 52. இடது விளக்கைக் கொஞ்சம் ஏற்றினேன். செங்குத்துக் கோடுகள் மூன்றும் Screen Matte-இல் கரைந்துபோயின. ஆனால் குறுக்குக் கோடுகள் இரண்டும் அசையவில்லை. ஒன்று சரியாக என் கழுத்துக்குப் பின்னால், முடி முடியும் இடத்தில். குறுக்கு மடிப்பின் சரிவுகள் மேலும் கீழும் பார்ப்பவை. பக்கவாட்டு விளக்கை எவ்வளவு சமமாக்கினாலும் அவற்றுக்கு உதவாது, மேலும் கீழும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும். டியூபை நெட்டுக்குத்தாக நிறுத்துவது அதற்காகத்தான். அப்படி நிறுத்தியும் என் டியூப் துணியின் உயரத்தில் பாதிதான் இருக்கிறது. துணியின் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, கீழ் ஓரத்தில் கனமான குழாயைக் கட்டித் தொங்கவிட்டு, ஓரங்களைக் கிளிப் போட்டு இழுத்தேன். ஒரு இரவு முழுக்கத் தொங்கியும் அந்த ஒரு கோடு மங்கியதே தவிர மறையவில்லை. கடைசியில் கீயை இரண்டாகப் பிரித்தேன். தலையைச் சுற்றி மாஸ்க் என்ற எல்லைக்கோட்டை வரைந்து அதற்குள் Clip Black 10, உடலுக்கும் மற்ற இடத்துக்கும் 25. கழுத்தோரத்தில் மிஞ்சிய கோட்டை ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்தேன். ஏழு நிமிட வீடியோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

துணிக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதால் நான் எதிர்பார்க்காத நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சுருட்டிச் சின்னதாக்க முடியும். பெரிய பச்சைப் பரப்பு நல்லது என்று நினைத்து முதலில் தரைவரை விரித்திருந்தேன். பச்சை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பச்சை வெளிச்சம் தோளிலும் தாடையிலும் வந்து விழும். இப்போது கேமராவைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் ஸூம் செய்து, என் தலைக்கும் தோளுக்கும் பின்னால் வேண்டிய அளவு மட்டும் இறக்குகிறேன். மற்ற இடத்தை எடிட்டிங்கில் மாஸ்க் போட்டு வெட்டிவிடலாம். தோளில் இருந்த பச்சைச் சாயல் பாதிக்கு மேல் குறைந்தது.

அந்தச் சாயலை மென்பொருளே எடுத்துவிடுமே என்று நண்பன் கேட்டான். எடுக்கும், ஆனால் விலை உண்டு. சாயலை நீக்கும் வழிகளில் ஒன்று, பச்சையின் அளவு சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டாமல் வெட்டிவிடுவது. எனக்குப் பிடித்த மஞ்சள் சட்டையில் சிவப்பு 200, பச்சை 180, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 120. பச்சை 180-லிருந்து 120-க்கு இறங்கியதும் மஞ்சள் சட்டை ஆரஞ்சு ஆகிவிடுகிறது. சாயல் குறைவாக இருந்தால் அந்த வெட்டையும் குறைவாக வைக்கலாம், சட்டை தப்பிக்கும்.

இன்னொன்று, 4கே-யில் பிடித்து 1080-இல் வெளியிடுவது. சாதாரண கேமராக்கள் நிறத்தை நாலு பிக்ஸலுக்கு ஒரு முறைதான் பதிவு செய்கின்றன. 1080-இலேயே பிடித்தால் முடியோரம் படிக்கட்டு போல வருவது அதனால்தான். 4கே-யைப் பாதியாகச் சுருக்கும்போது ஒவ்வொரு பிக்ஸலுக்கும் ஒரு நிறம் கிடைத்துவிடுகிறது. கேமராவில் ஷார்ப்னஸைக் குறைத்து, வொயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அவ்வளவு பச்சையைப் பார்த்த கேமரா முகத்தை ஊதாச் சிவப்புக்கு இழுத்துவிடும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் நண்பனிடம் நான் சொன்னது, "துணி வாங்காதே" என்பதுதான். அவன் வீட்டில் யாரும் கைவைக்காத ஒரு வெறும் சுவர் இருக்கிறது. பளபளப்பு இல்லாத பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதும், அதை யாரும் மடிக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு சுவர் இல்லை.

அம்மாவிடம் துணியைக் குழாயில் சுற்றும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். ஓரத்தை நேராகப் பிடித்து, இறுக்கமாக, சுருக்கம் விழாமல் சுற்ற வேண்டும். இரண்டாவது முறை என்னைவிட நேராகச் சுற்றினார். கழுத்துக்குப் பின்னால் இருந்த கோடு இன்னும் லேசாக இருக்கிறது. இந்த வாரம் துணியை நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறேன், கோடு என் தலைக்கு நேர் பின்னால் மறைகிற மாதிரி.