ஆன்லைன் கடையை மூடும்போது: மொத்தமாக அழிப்பதா, பெயரை மட்டும் நீக்குவதா?

வூகாமர்ஸில் நடத்திய சிறு கடையை மூட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் மொத்தமாக அழிப்பது. மற்றொன்று, ஆர்டர்களை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் விவரத்தை மட்டும் நீக்குவது.

முதல் வழிக்கு வூகாமர்ஸ் பிளக்இனை வெறுமனே நீக்கினால் போதாது. தரவுத்தளம் அப்படியே இருக்கும். முதலில் wp-config.php கோப்பில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும்:

```
define( 'WC_REMOVE_ALL_DATA', true );
```

அப்புறம் பிளக்இனை நீக்கினால் பொருட்களும் ஆர்டர்களும் போய்விடும். ஆனால் கடையில் கணக்கு தொடங்கியவர்களின் பெயர், மின்னஞ்சல், `billing_address_1`, `billing_phone` போன்றவை வேர்ட்பிரஸின் பயனர் அட்டவணைகளில் தங்கிவிடும். போக வேண்டியது இருக்கிறது, இருக்க வேண்டியது போய்விடுகிறது. பொருட்களின் படங்களும் மீடியா லைப்ரரியில் கிடக்கும்.

ஆர்டர் விவரம் ஏன் இருக்க வேண்டும்? ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2024-25 விற்பனைக்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. ஆக, 2031 டிசம்பர் வரை கணக்கு கையில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தாலும் இந்தப் பொறுப்பு போகாது.

இரண்டாவது வழியில், Accounts & Privacy பக்கத்தில் மொத்தமாக நீக்கும் அனுமதியை டிக் செய்துவிட்டு, ஆர்டர் பட்டியலில் Remove personal data கொடுக்க வேண்டும். பெயர் `[deleted]` ஆகும், தொலைபேசி எண்ணின் இலக்கங்கள் பூஜ்யமாகும், தொகை அப்படியே நிற்கும். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு சிக்கல்: வாங்கியவரின் மாநிலமும் அழிந்துவிடும்.

திருப்பூரிலிருந்து பெங்களூருக்கு 900 ரூபாய்க்குக் குழந்தைகள் சட்டை அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். அது ஐஜிஎஸ்டி விற்பனை என்று காட்டுவதே கர்நாடகா என்ற அந்த ஒரு சொல்தான். 50,000 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனையில் வாங்கியவரின் தெரு முகவரி தேவையில்லை. மாநிலத்தின் பெயர் போதும். எனவே நீக்குவதற்கு முன்பே ஆர்டர் எண், தேதி, பொருள், எச்எஸ்என், மாநிலம், வரி, தொகை ஆகியவற்றை ஓர் எக்செல் கோப்பாக எடுத்துவிடுங்கள். அனுப்பிய இன்வாய்ஸ் பிரதிகளையும் அதோடு வையுங்கள். அவற்றில் பெயர் இருக்கும் என்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள்.

பொருட்களை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். ஆர்டருக்குள் பொருளின் பெயரும் விலையும் தங்கும், ஆனால் எஸ்கேயூ பொருளிலிருந்தே வருவதால் பொருளோடு போய்விடும். டிராஃப்டில் போட்டாலே வெளியாருக்குப் பக்கம் தெரியாது. கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்.

எந்த வழி என்றாலும் வாடிக்கையாளர் கணக்குகளை Users பக்கத்தில் தனியாக நீக்க வேண்டும். கூகுள் டிரைவில் கிடக்கும் பழைய பேக்கப்புகளையும் நீக்குங்கள். அவற்றில் ஒன்றை மீட்டெடுத்தால் அழித்த முகவரிகள் அத்தனையும் திரும்ப வந்துவிடும்.