சிறுபான்மைப் பங்கு: விகிதமா, சந்தை மதிப்பா?

அம்பத்தூர் தாய் நிறுவனம் ஒன்று கிண்டி நிறுவனத்தின் 80 சதவீதத்தை 96 கோடிக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிண்டியின் நிகரச் சொத்தின் நியாய மதிப்பு 100 கோடி. ஒருங்கிணைந்த கணக்கில் 80 அல்ல, முழு 100 கோடியும் ஏறும். வெளியாரின் 20 சதவீதம், அதாவது சிறுபான்மைப் பங்கு, கடனாக அல்ல, பங்குமூலதனப் பகுதியில் தனி இனமாக நிற்கும்.

அந்தப் பங்கை நிகரச் சொத்தின் விகிதப்படி அளந்தால் 20 கோடி. நிகரச் சொத்தை மிஞ்சும் தொகையான நற்பெயர் மதிப்பு 96+20-100, அதாவது 16 கோடி. வெளியார் பங்கின் நியாய மதிப்பு 22 கோடி என்றால் நற்பெயர் 18 ஆகும்.

வித்தியாசம் பின்னால்தான் கடிக்கும். நற்பெயர் முழுதும் அழிந்தால், முதல் வழியில் 16 கோடி நட்டமும் தாய் நிறுவனத்தின் தலையில். இரண்டாவதில் 18-இல் 3.6 கோடியை வெளியார் ஏற்பார்கள், தாய்க்கு 14.4.

இந்தியக் கணக்கியல் தரம் 103 ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் தனித்தனியே இந்த இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறது. கிண்டிப் பங்குகள் சந்தையில் விலைபோனால் நான் நியாய மதிப்பையே எடுப்பேன். இல்லையென்றால் விகிதமே நம்பகமானது.