வாஃபிள் பருத்தியா, கம்பளியா, பாலியெஸ்டரா: வியர்த்த பிறகு எந்தத் தெர்மல் தாங்கும்?

டிசம்பர், ஜனவரியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வடக்கே கிளம்பும் குடும்பங்களைக் கவனித்தால் ஒன்று கண்ணில் படும். பெட்டியில் இடம் மிச்சமாகட்டும் என்று வீட்டிலேயே தெர்மலைப் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். வெளியே 28 டிகிரி. டாக்சியில் ஏறி இறங்கி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்குள் முதுகு நனைந்துவிடும். மூன்று மணி நேரத்தில் டெல்லியில் 8 டிகிரியில் இறங்குகிறார்கள். விமானத்துக்குள் காற்று வறண்டதுதான், ஆனால் ஸ்வெட்டருக்கு அடியில், இருக்கையில் அழுந்தியிருக்கும் முதுகு அவ்வளவு சீக்கிரம் காயாது. கடையில் மூன்று தெர்மலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எது எப்படி என்பது இந்த ஈரம் வந்த பிறகுதான் தெரியும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூடு வெளியே ஓடாமல் தடுப்பது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. காற்று சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆக, எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் ஒரு தெர்மலை எடைபோட வேண்டும்.

வாஃபிள் பின்னலில் முதல் பாதி அருமையாக இருக்கிறது. துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்னச் சின்னச் சதுரக் குழிகளும் அவற்றைச் சுற்றி வரப்புகளும் தெரியும். வரப்பு மட்டும் தோலில் படும், குழியில் காற்று நிற்கும். அதே அளவு நூலில் பின்னிய சாதாரணப் பனியனைவிட இது தடிமனாக இருப்பதால் அதிகக் காற்றைப் பிடிக்கிறது. ஆனால் வெளிப்பக்கக் குழிகளுக்கு மூடி கிடையாது. மேலே ஒரு சட்டையோ ஸ்வெட்டரோ வந்து மூடினால்தான் அந்தக் காற்று நிற்கும். வாஃபிளை மட்டும் போட்டுக்கொண்டு ஊட்டியில் காலையில் வெளியே வந்தால் காற்று நேராக உள்ளே புகுந்துவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். ‘தெர்மல் என்றால் இறுக்கமாக இருக்கணும்’ என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குகிறார்கள். இழுபட்ட வாஃபிளில் குழி தட்டையாகிவிடும், காற்று நிற்க இடமே இருக்காது. தொளதொளவென்று இருந்தாலும் ஆகாது, நடக்கும்போது கழுத்து வழியாகச் சூடான காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். உடம்பைத் தொட வேண்டும், சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டும், அதுதான் அளவு. பருத்தி துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள்.

சரி, இப்போது வியர்வை. பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நனைந்த நூல் விறைப்பை இழந்து தொய்ந்துவிடும். வரப்புகள் படுத்துக் குழிகள் மூட, துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு முடியவில்லை, அது காய வேண்டுமே? ஒரு தெர்மலில் 50 கிராம் வியர்வை தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன டம்ளரில் பாதிகூட வராத அளவு. ஒரு கிராம் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும், எனவே மொத்தம் 1,20,000 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு விநாடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் சூட்டை உண்டாக்குகிறது. அந்த 1,20,000 ஜூலின் பெரும்பகுதி நம் உடம்பிலிருந்தே போவதாகக் கொண்டால், கிட்டத்தட்ட 20 நிமிடம் உடம்பு உண்டாக்கும் சூடு முழுவதும் அந்தப் பனியனைக் காயவைக்கவே செலவாகிறது. டெல்லியில் டாக்சிக்குக் காத்து நிற்கும்போது முதுகில் ஓடும் அந்தச் சில்லிப்பு இதுதான்.

கம்பளியும் தண்ணீரை உறிஞ்சும், உண்மையில் பருத்தியைவிட அதிகமாகவே. சாதாரண அறைக்காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீத அளவுக்கு ஈரம் வைத்திருக்கும் என்றால் கம்பளி 16 சதவீத அளவுக்கு வைத்திருக்கும். ஆனால் அந்த ஈரம் இழையின் உள்ளே போய்விடுகிறது, வெளிப்பரப்பு தண்ணீரை ஒட்டவிடாது. தொட்டால் ஈரமாகவே தெரியாது. ஒவ்வொரு இழையும் இயல்பிலேயே நெளிநெளியாக இருப்பதால் நனைந்தாலும் படுத்துவிடாது, இழைகளுக்கு நடுவே காற்று தங்கிக்கொண்டே இருக்கும். நீராவியை உறிஞ்சும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளிவிடுகிறது. பெரிய அளவில்லை, ஆனால் வறண்ட இடத்திலிருந்து ஈரக்குளிருக்குள் போகும்போது உடம்பு அதை உணரும். காய்வது மெதுவாகத்தான். அது ஒரு வகையில் நல்லது, சூட்டை ஒரேயடியாக இழுக்காமல் பரவலாக இழுக்கும்.

கம்பளி என்றதும் அரிக்குமே என்பார்கள். அது இழையின் தடிமனைப் பொறுத்தது. 30 மைக்ரானைத் தாண்டிய இழை வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ என்ற மெல்லிய ஆட்டுக் கம்பளியில் செய்த தெர்மலில் 17 முதல் 19 மைக்ரான் இழை இருக்கும், தோலில் பட்டதும் வளைந்துவிடும். லேபிளில் அந்த எண்ணைப் பாருங்கள். ‘உல்லன் தெர்மல்’ என்று சொல்லி விற்பதில் பல அக்ரிலிக் கலந்தவை. விலைதான் கம்பளியின் பெரிய தடை, பருத்தியைவிடப் பல மடங்கு.

பாலியெஸ்டர் இழைக்குள் ஈரம் போகவே போகாது, அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை இழைகளின் இடுக்கு வழியாக வெளிப்பக்கம் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். காற்றைப் பிடிப்பது உட்புறம் பிரஷ் செய்து எழுப்பிய பஞ்சு போன்ற பரப்பு. நனைந்தாலும் அது எழுந்தே நிற்கும். ஆனால் பலமுறை துவைத்த பிறகு உருண்டு திரண்டு படிந்துவிடும், அதன்பின் பழைய கதகதப்பு இருக்காது. உள்பக்கம் வழவழப்பான மலிவுத் தெர்மலில் அந்தப் பஞ்சுப் பரப்பே இல்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள், எழும்பி வரவில்லை என்றால் அது காற்றைப் பிடிக்காது. இரண்டு நாள் போட்டால் வாடை அடிக்கும் என்பது இதன் இன்னொரு குறை. ஹீட்டருக்கோ கேம்ப்ஃபயருக்கோ மிக அருகில் போகவும் கூடாது, உருகித் தோலில் ஒட்டிவிடும்.

என் தேர்வு இப்படி. டெல்லியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இரவில் போர்வைக்குள் படுக்கும்போது போட்டுக்கொள்ள வாஃபிள் பருத்தி போதும். தோலுக்கு இதமானது, மெஷினில் போடலாம். உத்தராகண்டில் கேதார்காந்தா மாதிரி பனிக்கால மலையேற்றம் என்றால் பருத்தி வேண்டவே வேண்டாம். ஏறும்போது தொப்பலாக வியர்க்கும், நின்றதும் குளிரும், மாற்றிக்கொள்ள இடமும் இருக்காது. அங்கே நடக்க பாலியெஸ்டர், கூடாரத்தில் தூங்கக் கம்பளி. ஒன்றுதான் வாங்க முடியும், பணமும் இருக்கிறது என்றால் மெரினோ. எதை வாங்கினாலும் சென்னையில் போடாதீர்கள். கைப்பையில் வைத்திருந்து, விமானம் இறங்கியதும் அங்கேயே கழிவறையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் கம்பளிக்குத்தான் சென்னை எதிரி. வியர்வையோடு மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும், ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் கிடத்திக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஜிப் உள்ள கவரில் சிலிக்கா பொட்டலம் போட்டு மூடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறிப் பாருங்கள்.