இருபது கம்பெனிக்கு ஒரே கடிதமா, நான்கு கம்பெனிக்குத் தனித்தனியா?

ஹட்டனில் இருந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசும் அதன் மென்பொருளும் விற்கிறோம். வாங்கக்கூடியவை பெருந்தோட்டக் கம்பெனிகள்தான். முதலில் இருபது கம்பெனிக்கும் ஒரே விளக்கக் கடிதம் அனுப்பினோம். செலவு குறைவு, ஆனால் வந்த இரண்டு பதிலும் விலையை மட்டும்தான் கேட்டன. ஒரு தராசு விற்கிற கடைக்கு அது போதும். நூறு தராசு ஒரே ஒப்பந்தத்தில் போகவேண்டும் என்றால் போதாது.

அப்புறம் நான்கு கம்பெனியை மட்டும் எடுத்தோம். விற்பனையாளரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் யார் முடிவெடுக்கிறார், யார் தடுப்பார் என்று எழுதினோம். ஒரு கம்பெனியில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு மலையில் நிறுத்த எடைக்கும் ஃபெக்டரி எடைக்கும் வரும் வித்தியாசம்தான் தலைவலி. கொழும்புத் தலைமையலுவலகக் கணக்காளருக்குச் சம்பளப் பதிவு. கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது கண்முன் தெரியவேண்டும். மூவருக்கும் மூன்று தனிப் பக்கம் எழுதினேன். விற்பனையாளர் அதைக் கையில் எடுத்துப்போய், அவர்கள் மலையிலேயே ஒரு வாரம் தராசு வைத்துக் காட்டினார்.

இதில் ஆபத்து, ஒரே ஆளை நம்புவது. எங்களோடு பேசிவந்த துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலானதும் ஒரு கம்பெனி அப்படியே நின்றுபோனது. அதனால் கூட்டத்துக்கு இரண்டாவது ஆள் வருகிறாரா, கணக்காளர் தானாகக் கேள்வி அனுப்புகிறாரா என்றுதான் இப்போது பார்க்கிறேன். கடிதத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.