453 ரூபாய் லாபம் என்று காட்டிய திரையை நம்பி 94,876 ரூபாயை இழந்தேன்: ஸ்கால்பிங் பேக்டெஸ்ட் பற்றிய எச்சரிக்கை

இதை எழுதும்போது என் கோபம் இன்னும் ஆறவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை மாலைதான் கணக்கை முழுவதுமாகக் கூட்டிப் பார்த்தேன். சந்தாவாகக் கட்டிய 23,600 ரூபாயும் வர்த்தகத்தில் போன 71,276 ரூபாயும் சேர்த்து 94,876 ரூபாய். 2025-ஆம் ஆண்டில், 28 வர்த்தக நாட்களில் கரைந்த தொகை இது. இணையம் வழியாக ஆப்ஷன் உத்திகளையும் அவற்றைப் பழைய விலைத் தரவில் சோதித்துப் பார்க்கும் பேக்டெஸ்ட் கருவியையும் சேர்த்து விற்கும் ஒரு தளத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இதே வகைத் தளங்கள் பல இருப்பதால், பெயரைவிட ஏமாந்த விதம்தான் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

உத்தி எளிமையானது, சில புள்ளி லாபத்துக்காக அடிக்கடி வாங்கி உடனே விற்கும் ஸ்கால்பிங். நிஃப்டி வாராந்திர ஆப்ஷனில், பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, 120 ரூபாய் அளவில் இருக்கும் காலை (நிஃப்டி ஏறினால் விலை கூடுவது) அல்லது புட்டை, ஒரு நிமிட விலை நகர்வைக் காட்டும் கேண்டில் குறிப்பிட்ட வேகத்தில் மேலே முடிந்தால் வாங்க வேண்டும். 4 புள்ளி, அதாவது யூனிட்டுக்கு 4 ரூபாய், கிடைத்தால் விற்க வேண்டும், 3.25 புள்ளி இறங்கினால் நட்டத்தோடு வெளியேற வேண்டும். ஒரு நாளில் பதினைந்து முறை வரை நடக்கும். பத்தில் ஆறு முறை வெற்றி என்று பேக்டெஸ்ட் காட்டியது. அப்படியானால் ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக 1.1 புள்ளி மிஞ்சும்.

நான் நம்பிய அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விற்பனைப் பிரிவிலிருந்து பேசியவர் தம் திரையைப் பகிர்ந்து காட்டினார். "சார், செலவு போக வர்ற லாபத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லி, "கட்டணங்களைச் சேர்" என்ற பெட்டியில் என் கண்முன்னே டிக் செய்தார். வரைபடம் சற்றே கீழே இறங்கியது, ஆனாலும் ஏறுமுகமாகவே இருந்தது. அந்தச் சிறிய இறக்கம்தான் என்னை வீழ்த்தியது. செலவைக் கழித்துக் காட்டுகிறவர் நேர்மையானவராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். "2 லாட்டுக்கு 20 ரூபாய் தரகு பாரமா இருக்கும், 6 லாட் போடுங்க, செலவு பரவிடும்" என்ற அறிவுரையும் அன்றே கிடைத்தது. அதில் பாதி உண்மை என்பதுதான் வேதனை. மறுநாளே 23,600 ரூபாயைக் கட்டினேன்.

இப்போது அந்தப் பெட்டி என்ன செய்தது என்று பார்ப்போம். அது ஒரு வர்த்தகத்துக்கு வாங்கும்போது 20, விற்கும்போது 20 என 40 ரூபாய் தரகை மட்டுமே கழித்தது. 6 லாட் என்பது அப்போதைய அளவில் 450 யூனிட். 1.1 புள்ளிக்கு ஏறத்தாழ 493 ரூபாய், அதில் 40 போக 453 ரூபாய் என்று திரை சொன்னது. உண்மையில் தரகர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டில் வரும் செலவுகள் வேறு. விற்கும் மதிப்பில் 2025-இல் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி இருந்தது. வாங்கும் மதிப்பு, விற்கும் மதிப்பு இரண்டின் மீதும் பங்குச் சந்தை வாங்கும் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு. தரகின் மீதும் அந்தக் கட்டணத்தின் மீதும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. முத்திரைத் தீர்வையும் செபி கட்டணமும் சில்லறைதான். நான் வர்த்தகம் செய்த காலத்து விகிதங்களை வைத்து என் காண்ட்ராக்ட் நோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த கணக்கு இது:

```python
def charges(buy, sell, qty):
    b, s = buy*qty, sell*qty
    brok = 40
    txn = 0.0003503*(b+s)
    sebi = 0.000001*(b+s)
    gst = 0.18*(brok+txn+sebi)
    return brok + 0.001*s + txn + sebi + 0.00003*b + gst
```

120-க்கு வாங்கி 121.10-க்கு 450 யூனிட் விற்றால் இது 148 ரூபாய் என்று விடை தரும். ஒரு யூனிட்டுக்கு 33 பைசா. அதே வர்த்தகத்தை 2 லாட்டில் செய்தால் யூனிட்டுக்கு 54 பைசா. ஆகவே லாட்டைக் கூட்டினால் செலவு பரவும் என்று அவர் சொன்னது தரகைப் பொறுத்தவரை சரி. ஆனால் வரியும் பரிவர்த்தனைக் கட்டணமும் மதிப்போடு சேர்ந்தே ஏறுகின்றன, அவை ஒருபோதும் பரவுவதில்லை. இங்கே இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வரி 2024 அக்டோபர் 1-க்கு முன் 0.0625 சதவீதமாக இருந்தது. பழைய காலத்துத் தரவில் அன்றைய விகிதத்தைப் போட்டால் வரலாறு சரியாக வரும். நாளைக்குப் பணம் போடலாமா என்று முடிவெடுக்க வேண்டுமானால், பழைய தரவின் மீதும் இன்றைய விகிதத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டணம் மட்டும் என்றால் நான் தப்பித்திருப்பேன். 493-லிருந்து 148 போனாலும் 345 ரூபாய் மிஞ்சியிருக்கும். கொன்றது ஸ்ப்ரெட்டும் ஸ்லிப்பேஜும்தான், அதாவது வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியும், சிக்னல் வந்த விலைக்கும் நமக்குக் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமும். ஒரு வர்த்தகத்தை அப்படியே எடுத்துக் காட்டுகிறேன். காலை 9.47-க்குக் கேண்டில் 118.60-ல் முடிந்து சிக்னல் வந்தது. பேக்டெஸ்ட் கருவி அந்த 118.60-லேயே வாங்கிவிட்டதாக எழுதிக்கொள்ளும். ஆனால் 118.60 என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை மட்டுமே, அந்த விலையில் எனக்கு விற்க யாரும் காத்திருக்கவில்லை. என் ஆர்டர் போனபோது விற்போரின் முதல் விலை 118.90. 450 யூனிட்டும் நிரம்பி முடிந்தபோது சராசரி 119.05 ஆகியிருந்தது. பிறகு விலை திரும்பியது. 115.35-ல் நட்டத்தை நிறுத்துவதற்கான ஸ்டாப் தூண்டப்பட்டது, விற்றது 113.90-ல். பேக்டெஸ்டின் கணக்கில் 3.25 புள்ளி நட்டம், என் கணக்கில் 5.15 புள்ளி. 1,462 ரூபாய் என்று எதிர்பார்த்த இடத்தில் 2,317 ரூபாய் போனது, கட்டணம் தனி.

இது ஒரு நாளின் துரதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு 412 வர்த்தகங்களுக்கும் சிக்னல் விலையையும் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுழையும்போது சராசரி இழப்பு 46 பைசா. இலக்கைத் தொட்டு வெளியேறும்போது வெறும் 15 பைசா, ஸ்டாப்பில் வெளியேறும்போது 1 ரூபாய் 50 பைசா. எல்லாம் சேர்த்துச் சராசரியாக 1.15 புள்ளி, அதாவது 518 ரூபாய். இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானது அன்று. வேகமாக ஏறும்போது வாங்குகிற உத்தி, எல்லோரும் வாங்க முண்டும் நேரத்தில் வாங்குகிறது, எல்லோரும் ஓடும் நேரத்தில் விற்கிறது. ஆகவே எல்லா வர்த்தகத்துக்கும் ஒரே அளவு ஸ்லிப்பேஜைப் போடுகிற பேக்டெஸ்டும் ஸ்டாப் வெளியேற்றங்களை அழகுபடுத்தியே காட்டும். போதாக்குறைக்கு, ஆப்ஷனில், கிடைத்த விலைக்கு உடனே விற்றுவிடும் ஸ்டாப்-லாஸ் மார்க்கெட் ஆர்டரை தேசிய பங்குச் சந்தை 2021-லேயே நிறுத்திவிட்டது. லிமிட் விலையோடுதான், அதாவது இதற்குக் கீழே விற்காதே என்ற எல்லையோடுதான், ஸ்டாப் வைக்க முடியும். லிமிட்டை நெருக்கமாக வைத்தால் விலை அதைத் தாண்டி ஓடி ஆர்டர் நிரம்பாமலே கிடக்கும், தள்ளி வைத்தால் என்னைப் போல 113.90-ல் விற்க நேரும்.

என் வயிற்றெரிச்சல் இதுதான்: உத்தியின் சிக்னலில் குறையே இல்லை. 412-ல் 247 வெற்றி, சொன்னபடியே பத்துக்கு ஆறு. 493 ரூபாய் வந்தது, 148 கட்டணமாகவும் 518 விலை வித்தியாசமாகவும் போனது. ஒவ்வொரு முறையும் சராசரியாக 173 ரூபாய் நட்டம். அதே 412 வர்த்தகங்களுக்குத் தளத்தின் திரை இன்றும் 1.86 லட்சம் ரூபாய் லாபம் என்றே காட்டுகிறது.

புகார் சொன்னபோது கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதல் அழைப்பில் "உங்க இன்டர்நெட் ஸ்லோவா இருக்கும் சார்" என்றார்கள். இரண்டாவது முறை, சந்தை நிலவரம் மாறிவிட்டதாம். வெற்றி விகிதம் மாறவேயில்லையே என்று எண்களை அனுப்பினேன், பதில் இல்லை. மூன்றாவது முறை கிடைத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார், பிறகு ஸ்லிப்பேஜுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறதே, நீங்கள்தான் நிரப்பவில்லை என்றார். தேடிப் பார்த்தேன். மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியின் அடியில் அது இருந்தது, 0 என்று நிரப்பப்பட்டு. விற்பனை நாளில் அந்தப் பகுதியை யாரும் திறந்துகூடக் காட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளின் ஒரு பத்தியை ஒட்டி அனுப்பினார்கள். விற்றவர் என் எண்ணை இப்போது எடுப்பதே இல்லை.

நடுவில் ஒரு யோசனையும் சொன்னார்கள். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், சிக்னல் விலையிலேயே லிமிட் ஆர்டர் போடுங்கள், ஸ்லிப்பேஜே இருக்காது என்றார்கள். ஒரே ஒரு லாட்டில் நான்கு நாட்கள் செய்து பார்த்தேன், அந்தச் சில்லறை நட்டத்தை 94,876-ல் சேர்க்கவில்லை. 60 சிக்னலில் 37 மட்டுமே நிரம்பின. நிரம்பாத 23-இல் பெரும்பாலானவை விலை திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனவை, அதாவது லாபம் தந்திருக்க வேண்டியவை. நிரம்பிய 37-இல் வென்றவை 17தான். கீழே இறங்கப்போகும் விலைதான் நம் லிமிட்டைத் தேடி வரும். விலை தொட்டாலே ஆர்டர் நிரம்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பேக்டெஸ்டில் இது எந்நாளும் தெரியாது. விலை நம் லிமிட்டைக் கடந்து குறைந்தது ஒரு டிக், அதாவது 5 பைசா, போனால்தான் நிரம்பியது என்று வைத்தால் ஓரளவு உண்மைக்கு அருகில் வரும்.

விரிவான வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சிக்னல் வந்த கேண்டிலின் முடிவு விலையில் வாங்கியதாகக் காட்டும் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள், அடுத்த கேண்டிலின் தொடக்க விலையோடு பாதி ஸ்ப்ரெட்டைக் கூட்டிப் போடுங்கள். ஸ்ப்ரெட் எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். ஒரு வாரம் சந்தை நேரத்தில் வாங்குவோர், விற்போர் விலைகளைப் பதிவு செய்து, காலைத் தொடக்கத்துக்கும் மதியத்துக்கும் காலாவதி நாளுக்கும் தனித்தனியாக எடுங்கள். ஸ்டாப்புக்கு இலக்கைவிடப் பல மடங்கு ஸ்லிப்பேஜ் வையுங்கள். எந்தச் செலவும் கழிக்காத சராசரி லாபத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். என் விஷயத்தில் அது 1.1, செலவு 1.48. அந்த இரண்டு எண்களை அன்றே கேட்டிருந்தால் 94,876 ரூபாய் என் கணக்கிலேயே இருந்திருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன், பதில் வந்தால் இதே பதிவின் கீழே சேர்க்கிறேன்.